அமர்வுகள் ஒன்பதா, ஏழா, ஆறா?

ஒரு இணையதளத்தை நேற்று எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பக்கம் திறந்தார்கள் என்பதை சர்வரின் பதிவேடு ஓரளவு நேராகவே சொல்லிவிடும். எத்தனை முறை வந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் கிடையாது. யார், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தைத் தொட்டார் என்று ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனி வரியாக அதில் விழுந்திருக்கும். “இப்போது வந்தேன்” என்று யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை, “போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போவதும் இல்லை.

அதனால் கணக்கெடுப்பவர்கள் ஒரு விதி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஆளின் அடுத்தடுத்த இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால், பழைய வருகை முடிந்து புதியது தொடங்கியதாக எடுத்துக்கொள்வது. இப்படிக் கட்டிய கிளிக் கூட்டம் ஒவ்வொன்றையும் செஷன், அதாவது அமர்வு, என்கிறார்கள். அந்த நிமிட அளவுதான் வரம்பு. கூகுள் அனலிட்டிக்ஸில் அது முன்கூட்டியே 30 நிமிடமாக வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. அப்படி ஒரு வரம்பு இருக்கிறது என்பதே அறிக்கை வாசிக்கும் பலருக்குத் தெரியாது.

சிறிய கற்பனைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சமையல் குறிப்புத் தளத்துக்கு ஒரே நாளில் நான்கு பேர் வருகிறார்கள். முதலாமவர் காலை 9:00, 9:04, 9:07 மணிக்குப் பக்கங்களைத் திறக்கிறார். குறிப்பில் சொன்னபடி பிரியாணியை தம்மில் போட்டுவிட்டு, 9:49க்குத் தயிர்ப் பச்சடி செய்வது எப்படி என்று பார்க்க வருகிறார். 9:52க்கு இன்னொரு பக்கம். பிறகு இரவு 8:15க்கு ஒரே ஒரு கிளிக். இரண்டாமவர் நீண்ட கட்டுரைகளை நிதானமாக வாசிப்பவர். அவருடைய கிளிக்குகள் பகல் 12:30, 12:48, 1:10, 1:12. மூன்றாமவர் காலை 7:10, 7:12 மணிக்கு வந்து, மறுபடி 8:22, 8:23 மணிக்கு வருகிறார். நான்காமவர் மாலை 4 மணிக்கு ஒரு பக்கத்தைத் திறந்ததோடு சரி.

மொத்தம் 15 கிளிக். ஒவ்வொருவருடைய கிளிக்குகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிகளைச் சேர்த்து, சிறியதிலிருந்து பெரியதாக நிமிடத்தில் அடுக்கினால் இப்படி வருகிறது: 1, 2, 2, 3, 3, 4, 18, 22, 42, 70, 623. விடையைத் தீர்மானிப்பது இந்தப் பதினொரு எண்கள்தான். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு அமர்வு நிச்சயம் உண்டு. அதற்குமேல், வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு புதிய அமர்வைக் கூட்டுகிறது. ஆகவே அமர்வுகளின் எண்ணிக்கை என்பது வந்தவர்களின் எண்ணிக்கையும் வரம்பைத் தாண்டிய இடைவெளிகளின் எண்ணிக்கையும் சேர்ந்த தொகை. இந்தக் கூட்டலை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

வரம்பு 10 நிமிடம் என்றால் ஐந்து இடைவெளிகள் அதைத் தாண்டுகின்றன, ஆக 9 அமர்வு. 30 நிமிடம் என்றால் மூன்று இடைவெளிதான் தாண்டும், 7 அமர்வு. ஒரு மணி நேரம் என்று வைத்தால் 6. இரண்டு மணி நேரம் என்றால் 5. ஆட்கள் அதே நால்வர், கிளிக்குகள் அதே பதினைந்து. வரம்பைக் கூட்டக் கூட்ட அமர்வுகள் குறையும், அல்லது அப்படியே நிற்கும். கூடவே கூடாது. வரம்பை உயர்த்திய பிறகு எண்ணிக்கை ஏறியதாக யாராவது கணக்குக் காட்டினால், கணக்குப் போட்ட விதத்தில் கோளாறு இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

அமர்வு எண்ணிக்கைக்கு உள்ள இந்த ஒழுங்கு எல்லா அளவுக்கும் கிடையாது. அதை வைத்துக் கட்டிய சில அளவுகள் அப்படி அடங்கி நடப்பதில்லை. ஒரே கிளிக்கோடு முடிந்துவிடும் அமர்வுகளின் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் பிடிக்காமல் உடனே போய்விட்டார் என்பதற்கு அடையாளமாகப் பலர் பார்க்கும் அளவு அது. நம் கணக்கில் 10 நிமிட வரம்புக்கு 9 அமர்வில் 4, அதாவது 44 விழுக்காடு. அவற்றில் இரண்டு, கட்டுரையில் ஆழ்ந்து போயிருந்த இரண்டாமவருடையவை. தளத்தை மிகவும் விரும்பி வாசித்தவரே பிடிக்காமல் ஓடிப்போனவராகப் பதிவாகிறார். 30 நிமிடத்துக்கு 7இல் 2, சுமார் 29 விழுக்காடு. ஒரு மணி நேரத்துக்கு 6இல் 2, அதாவது 33 விழுக்காடு. இறங்கியது மறுபடி ஏறிவிட்டது. காரணம், இந்தத் தடவை ஒன்றாகச் சேர்ந்தவை பல கிளிக் கொண்ட இரண்டு அமர்வுகள். மொத்தம் குறைந்தது, ஒற்றைக் கிளிக் அமர்வுகள் குறையவில்லை.

சராசரி அமர்வு நேரம் இன்னும் மோசம். முதல் கிளிக்குக்கும் கடைசிக் கிளிக்குக்கும் இடைப்பட்ட நேரத்தை அமர்வின் நீளமாகக் கொண்டால், 10 நிமிட வரம்பில் சராசரி சுமார் 1.7 நிமிடம். 30இல் 7.9 நிமிடம். ஒரு மணி நேரத்தில் 16.2 நிமிடம். யாரும் கூடுதலாக ஒரு வரிகூட வாசிக்கவில்லை. பிரியாணி வெந்துகொண்டிருந்த 42 நிமிடம் இப்போது அமர்வுக்குள் வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். விற்பனை விகிதமும் இதே கதை. நால்வரில் ஒருவர் ஒரு புத்தகம் வாங்கியிருந்தால், அந்த ஒரே விற்பனை 11 விழுக்காடாகவும் தெரியும், 14 விழுக்காடாகவும் தெரியும், 17 விழுக்காடாகவும் தெரியும். கீழே வகுக்கும் எண் மட்டும்தான் மாறியிருக்கிறது.

சரி, இந்த 30 நிமிடம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் லாரா கேட்லெட்ஜ், ஜேம்ஸ் பிட்கோ என்ற இருவர் 1994 ஆகஸ்டில் மூன்று வாரம் 107 பேருடைய இணைய உலாவலைப் பதிவுசெய்தார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த எக்ஸ்-மொசைக் உலாவியில், ஒவ்வொரு செயலும் பதிவாகும்படி மாற்றம் செய்திருந்தார்கள். அடுத்தடுத்த செயல்களுக்கு நடுவே சராசரி 9.3 நிமிடம் என்று கண்டார்கள். சராசரிக்கு மேல் ஒன்றரைத் திட்ட விலக்கம் தள்ளி 25.5 நிமிடத்தில் கோடு போட்டார்கள். அந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. பின்வந்தவர்கள் 25.5ஐ வசதிக்காக 30 ஆக்கிக்கொண்டார்கள். ஒரு கல்வி நிலையத்துக் கணினிகளில், கைப்பேசியில் இணையம் என்ற ஒன்றே வராத காலத்தில் கிடைத்த எண் அது. அந்த ஆய்வாளர்கள் தங்கள் தரவுக்குச் சரியான வேலையைச் செய்தார்கள். எல்லாத் தளத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் அதுவே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டது பின்வந்தவர்களின் அவசரம்.

அந்த முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. இடைவெளிகள் சராசரியைச் சுற்றி இருபுறமும் ஒரே சீராகப் பரவுவதில்லை. பெரும்பாலானவை சில நொடி, சில நிமிடம். கொஞ்சம் மட்டும் பல மணி, பல நாள். நம் பதினொரு எண்களிலேயே அந்த 623ஐச் சேர்த்தால் சராசரி 72 நிமிடம், விட்டுவிட்டால் 17 நிமிடம் கூட இல்லை. நீண்ட இடைவெளிகள் சில இருந்தாலே சராசரியும் திட்ட விலக்கமும் இழுபட்டுவிடும்.

2015இல் ஏரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் வேறு வழியில் போனார்கள். விக்கிப்பீடியா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், மூவிலென்ஸ், ஸ்டேக் ஓவர்ஃப்ளோ என ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தளங்களின் இடைவெளிகளை எடுத்து, மடக்கை அளவில் வரைபடமாகப் போட்டார்கள். 1 நிமிடம், 10 நிமிடம், 100 நிமிடம் என்று பத்து மடங்காக ஏறும் அளவுகோல் அது. அதில் இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒன்று, நிமிடக் கணக்கில் விழும் இடைவெளிகள். உட்கார்ந்த இடத்திலேயே அடுத்த கிளிக். இன்னொன்று, சுமார் ஒரு நாள் அளவில். போய்விட்டு மறுநாள் வருவது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், பல தளங்களில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை ஒட்டி. அவர்கள் பரிந்துரைத்த வரம்பும் அதுவே.

பள்ளத்தில் கோடு போடுவதில் என்ன லாபம்? அங்கே இடைவெளிகள் குறைவு. கோட்டைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தினாலும் தாண்டுபவை பெரிதாக மாறாது, அமர்வு எண்ணிக்கையும் ஆடாது. நம் சிறு கணக்கில் வரம்பை 5 நிமிடம் என்று வைத்தாலும் 15 என்று வைத்தாலும் விடை 9தான், ஏனென்றால் 4க்கும் 18க்கும் நடுவே எந்த இடைவெளியும் இல்லை. 17இலிருந்து 45க்குப் போனாலோ மூன்று அமர்வுகள் மறைந்துவிடும். மேட்டின் சரிவில் நிற்கும் வரம்பு இப்படித்தான் ஆட்டிவைக்கும்.

உங்கள் தளத்துக்கு வரம்பு பொருந்துகிறதா என்று பார்க்கவும் இதுவே வழி. 15, 30, 60 நிமிடம் என மூன்று வரம்புக்கும் அமர்வுகளை எண்ணிப் பாருங்கள். மூன்றும் அருகருகே இருந்தால் நிம்மதி. பெரிதாக வேறுபட்டால், இடைவெளிகளின் வரைபடத்தைப் போட்டுப் பார்க்காமல் அந்த எண்ணைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது. பள்ளமே தெரியாத தளங்களும் உண்டு. நாள் முழுக்க அவ்வப்போது எட்டிப் பார்க்கப்படும் கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தில் தெளிவான பிரிவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே அமர்வு என்ற அளவையே விட்டுவிட்டு, ஒரு நாளில் எத்தனை பேர், ஒருவர் எத்தனை பக்கம் என்று எண்ணுவது மேல். முக்கால் மணி நேரக் காணொளியை ஒரு கிளிக்கும் இல்லாமல் பார்ப்பவர் இருக்கும் தளத்தில், காணொளி ஓடுவதையே நிமிடத்துக்கு ஒரு முறை பதிவுசெய்ய வேண்டும். வரம்பை எவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்தாலும் பதிவாகாத செயலை அது பார்க்காது.

கருவி மாறினாலும் எண் மாறும். 2023 ஜூலையில் கூகுள் நிறுத்திய பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ், நள்ளிரவு தாண்டினால் அமர்வை வெட்டிவிடும். வாசகர் நடுவில் வேறொரு விளம்பரம் வழியாக உள்ளே வந்தாலும் வெட்டிவிடும். இப்போதைய ஜிஏ4 இந்த இரண்டு காரணத்துக்கும் புது அமர்வு தொடங்குவதில்லை. இரண்டிலும் வரம்பு அதே 30 நிமிடமாக இருந்தாலும் எண்ணிக்கை வேறாக வரும். கருவி மாறிய மாதத்தில் அமர்வுகள் சரிந்ததைப் பார்த்து வாசகர்கள் விலகிப்போய்விட்டார்கள் என்று முடிவுகட்டினால் அது தவறு.

ஜிஏ4இல் வரம்பை 5 நிமிடம் முதல் 7 மணி 55 நிமிடம் வரை மாற்றிக்கொள்ளலாம். மாற்றம் அன்றைக்குப் பிறகு வரும் கிளிக்குகளுக்கு மட்டுமே செல்லும், பழைய அமர்வுகள் திருத்தப்படாது. ஆகவே வரம்பை மாற்ற நினைப்பவர்கள் முதலில் பழைய கிளிக்குகள் தனித்தனி வரியாகக் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், சென்ற மாதங்களையும் புதிய வரம்பில் மறுபடி எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். இல்லையென்றால், வரைபடத்தில் மாற்றிய தேதியில் ஒரு கோடு கிழித்து, இரு பக்கமும் எத்தனை நிமிட வரம்பு என்று எழுதிவையுங்கள்.