குக்கரில் பருப்பு பொங்குவது ஏன்?

துவரம்பருப்பு வேகும்போது அதிலுள்ள புரதமும் சப்போனின் என்ற பொருளும் தண்ணீரில் கரைகின்றன. சப்போனின் சோப்பைப் போல நுரைக்கும். புரதம் அந்தக் குமிழிகளின் சுவரை உறுதியாக்கும். கரையும் மாவுச்சத்து நீரைக் கொழகொழப்பாக்குவதால் குமிழிகள் எளிதில் உடைவதில்லை. விசில் வரும்போது உள்ளே அழுத்தம் சட்டெனக் குறைகிறது. கொதிநிலைக்கு மேல் சூடாக இருக்கும் நீர் உடனே பலமாகக் கொதித்து, நுரையை மூடிவரை தள்ளுகிறது. ஆவியோடு மஞ்சள் நீர் தெறிப்பது இதனால்தான்.

ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால், அது குமிழிச் சுவரில் பரவி அதை மெலிதாக்கி உடைத்துவிடும். ஆனால் குக்கர் நிறைய இருந்தால் எண்ணெய் மட்டும் போதாது. பருப்பும் தண்ணீரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 3 லிட்டர் குக்கரில் ஒரு கப் பருப்புக்கு மூன்று கப் தண்ணீர் வைத்தால், நுரை எழுந்து அடங்க இடம் இருக்கும். பருப்பைக் களைந்து, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைப்பதும் உதவும்.

அடுப்பு அழுக்காவதைவிடப் பெரிய ஆபத்து ஆவிக்குழாய் அடைபடுவது. எனவே ஒவ்வொரு முறையும் மூடும் முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.