பூட்டு எந்தப் பெட்டியில்?

திருச்சியிலிருந்து அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகன் ஒரு வாரமாக இரவில் தனியாகப் பாத்ரூம் போக மாட்டேன் என்று அழுகிறானாம். கொலை வழக்குகளை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று பகலில் மறுஒளிபரப்பானபோது, வீட்டில் யாரும் கவனிக்காத நேரத்தில் முழுதாகப் பார்த்திருக்கிறான். "அந்தச் சேனலைப் பூட்டிட்டேன்டா. டிவியில பின் நம்பர் எல்லாம் போட்டேன். ஆனா அது பாட்டுக்கு வருது" என்றாள்.

நேரில் போய் டிவியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அக்கா சொன்னது உண்மைதான். பூட்டு 'ஆன்' நிலையில் இருந்தது, புதிய பின் நம்பரும் ஏறியிருந்தது. ஆனால் Channel Locks என்ற இடத்துக்குள் போனால் பட்டியல் காலியாக இருந்தது. ஒரு சேனல் பெயர்கூட இல்லை. பூட்டுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டிவி மாட்ட வந்தவரிடம் அவள் உதவி கேட்டிருக்கிறாள். அவரும் இதே இடத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, சேனல் எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். முன்பு கேபிள் ஒயர் நேராக டிவியின் பின்னால் செருகப்பட்டது. அந்த ஒரு ஒயரில் எல்லாச் சேனல்களும் வந்தன. டிவிக்குள் இருந்த ட்யூனர் அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுத்தது. பிரிப்பது டிவி என்பதால், டிவியில் போட்ட பூட்டு வேலை செய்தது. 2012இல் பெருநகரங்களில் தொடங்கி கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோது, பிரிக்கும் வேலை செட்டாப் பாக்ஸுக்குப் போய்விட்டது. டிஷ் வைத்த வீடுகளில் முதலிலிருந்தே அப்படித்தான். பாக்ஸ் ஒரு சேனலைத் தேர்ந்தெடுத்து, அதன் படத்தையும் ஒலியையும் மட்டும் HDMI ஒயர் வழியே டிவிக்கு அனுப்புகிறது. வருவது செய்திச் சேனலா, கார்ட்டூன் சேனலா என்று டிவிக்குத் தெரியாது. அதன் கணக்கில் HDMI 1 என்ற துளையிலிருந்து ஏதோ ஒரு படம் வருகிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் பிரிப்பது எது என்று சந்தேகம் இருந்தால், சேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது பாக்ஸின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். படம் போய்விட்டால், சேனல் பூட்டு பாக்ஸில்தான் இருக்கிறது. டிவியில் தேடிப் பயனில்லை. டிவியிடம் கேட்க வேண்டியது வேறொரு பூட்டு. எந்தத் துளையைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பதற்கான பூட்டு அது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் போட்டால்தான் வீட்டில் காரியம் நடக்கும்.

அக்கா வீட்டில் முதலில் பாக்ஸை எடுத்துக்கொண்டோம். பாக்ஸ் ரிமோட்டில் மெனுவை அழுத்தி அமைப்புகளுக்குள் போனால், Parental Control அல்லது Channel Lock என்று ஒரு வரி இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் கொஞ்சம் மாறும். உள்ளே நுழையும்போதே ஒரு பின் நம்பர் கேட்கும். அது பெட்டி வரும்போதே போட்டுக் கொடுத்த எண். பெரும்பாலும் 0000, 1234 போல ஏதாவது எளிதான ஒன்று. கையேட்டில் இருக்கும், வாடிக்கையாளர் சேவையிலும் சொல்வார்கள். அந்த எண்ணை மாற்றுவதுதான் முதல் வேலை. மாற்றாமல் சேனலைப் பூட்டினால், பையன் நான்கு பூஜ்ஜியத்தை அழுத்தித் திறந்துவிடுவான். மாற்றிய பிறகு சேனல் பட்டியலில் வேண்டியதைக் குறித்துவிட்டு வெளியே வர வேண்டும். அந்தச் சேனலுக்கு எதிரே சிறு பூட்டுப் படம் தெரியும்.

பூட்டுப் படத்தைப் பார்த்ததும் அக்கா நிம்மதியாகிவிட்டாள். நான் விடவில்லை. அதே சேனலின் எச்டி வடிவம் வேறொரு எண்ணில் இருந்தது. அந்த எண்ணை அழுத்தினோம், நிகழ்ச்சி பளிச்சென்று வந்தது. பாக்ஸின் கணக்கில் அவை இரண்டு வேறு சேனல்கள். ஒன்றைப் பூட்டினால் மற்றது தானாகப் பூட்டிக்கொள்ளாது. ஆகவே பெயரை வைத்துத் தேடி இரண்டு எண்களையும் பூட்ட வேண்டும். இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சில பெட்டிகளில் சேனலை மறைக்கும் வசதி உண்டு. மறைத்தால், மேலே கீழே என்று சேனல் மாற்றும்போது அது தாண்டிப் போய்விடும். ஆனால் எண்ணை நேராக அழுத்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். டிவியில் 'சைல்ட் லாக்' என்ற பெயரில் இருப்பதும் பல மாடல்களில் டிவியின் மேலுள்ள பொத்தான்களை மட்டும் முடக்குகிற வேலைதான். சேனலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்த சிக்கல் அத்தையால் வந்தது. அக்காவின் மாமியாருக்கு அந்தச் சேனலின் இரவு சீரியல் வேண்டும். பணம் கட்டி வாங்கும் சேனல் என்றால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். 2019இல் டிராய் கொண்டுவந்த கட்டண முறைக்குப் பிறகு தனித்தனியாகச் சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. வாங்காத சேனலை எந்தப் பிள்ளையாலும் திறக்க முடியாது. யாருக்கும் தேவைப்படாத ஒரு சேனலை அக்கா அப்படித்தான் விலக்கினாள். ஆனால் அத்தையின் சீரியல் சேனலுக்குப் பூட்டுதான் வழி.

அத்தை பின் நம்பர் போட்டுச் சீரியல் பார்த்தார். முடிந்ததும் பாட்டுச் சேனலுக்கு மாற்றிவிட்டு எழுந்தார். நான் மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினேன். பாக்ஸ் எதுவும் கேட்காமல் திறந்துவிட்டது. ஒருமுறை பின் நம்பர் சரியாகப் போட்டால், பாக்ஸை அணைக்கும்வரை அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை அது. சில பெட்டிகள் சேனலை விட்டு வெளியே போனதுமே மறந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று இதேபோல ஒருமுறை சோதித்தால் தெரிந்துவிடும். நினைவில் வைத்துக்கொள்ளும் வகை என்றால், பார்த்து முடித்தவர் பாக்ஸை அணைத்துவிட்டு எழ வேண்டும். டிவியை மட்டும் அணைத்தால் போதாது, பாக்ஸ் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

சேனலுக்குப் பதில் வயதை வைத்துப் பூட்டும் வசதியும் மெனுவில் கண்ணில் படும். நிகழ்ச்சி விவரத்தோடு, இது எத்தனை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற குறிப்பை ஒளிபரப்பாளர் சேர்த்து அனுப்பினால்தான் அது வேலை செய்யும். அமெரிக்காவில் இதற்காகவே 2000ஆம் ஆண்டு முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் 'வி-சிப்' இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். குறிப்பு வராத சேனலில் வயதுப் பூட்டுக்கு எதைத் தடுப்பது என்று தெரியாது. அதனால் அக்கா வீட்டில் அதை நம்பாமல், சேனல் சேனலாகவே பூட்டினோம்.

பிறகு டிவிக்கு வந்தோம். HDMI 1இல் செட்டாப் பாக்ஸ். HDMI 2இல் அத்தானின் ஸ்ட்ரீமிங் ஸ்டிக். அதில் அவருடைய கணக்கு எப்போதும் திறந்தே இருக்கும். எல்ஜி டிவிகளில் Safety என்ற பகுதிக்குள் Input Locks இருக்கும். ஆண்ட்ராய்டு, கூகுள் டிவிகளில் Parental controls என்பதற்குள் தேட வேண்டும். அங்கே HDMI 2ஐக் குறித்துவிட்டால், அதற்கு மாறும்போதெல்லாம் டிவி பின் நம்பர் கேட்கும். ஸ்டிக்கின் ரிமோட்டை அழுத்தினாலே டிவி தானாக அந்தத் துளைக்குத் தாவும் வசதி பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். பூட்டிய பிறகு அப்படியும் தாவ வைத்துப் பாருங்கள், பின் நம்பர் கேட்க வேண்டும். யூஎஸ்பி துளை இந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். பென்டிரைவில் உள்ள படத்தை டிவிக்குள் இருக்கும் ஒரு செயலிதான் ஓட்டுகிறது என்பதால், அதைச் செயலிகளுக்கான பூட்டில், அதாவது Application Locks போன்ற இடத்தில், பூட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அந்த ஒயரைப் புடுங்கி இதுல சொருகுனா?" என்று கேட்டான். சரியான கேள்வி. டிவி பூட்டுவது துளையை, அதில் செருகிய பொருளை அல்ல. பாக்ஸைக் கழற்றிவிட்டு ஸ்டிக்கை HDMI 1இல் செருகினால் எல்லாம் வரும். HDMI 1ஐயும் பூட்டலாம். ஆனால் அப்புறம் அத்தை பக்திப் பாட்டு கேட்கவும் ஒவ்வொரு முறையும் எண் போட வேண்டும். அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. ஆகவே ஸ்டிக்கில் உள்ள செயலிகளுக்குள்ளேயே அத்தானின் பக்கத்துக்குத் தனிப் பின் போட்டோம். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடி தளங்கள் U/A 13+ முதல் மேலுள்ள வகைகளுக்குப் பூட்டு வசதி தர வேண்டும். அதனால் அந்த வசதி இல்லையோ என்று தயங்காமல் தேடலாம்.

பின் நம்பர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எண் பொத்தான்கள் இல்லாத சின்ன ரிமோட்டுகளில், திரையில் வரும் எண் பலகையில் ஒவ்வொரு எண்ணாக நகர்த்தித்தான் அழுத்த வேண்டும். கட்டங்களில் புள்ளி மட்டும் தெரிந்தாலும், எந்த எண்ணின் மேல் வெளிச்சம் நிற்கிறது என்பதை அறையில் இருக்கிற எல்லோரும் பார்க்கலாம். பையனை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் போட வேண்டும். அவன் பிறந்த ஆண்டு, வீட்டுக் கதவு எண், போன் நம்பரின் கடைசி நான்கு எண்கள், இவை எல்லாம் அவன் முதலில் முயன்று பார்க்கப்போகிறவை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் இது எவ்வளவு நாள் நிற்கும் என்றும் யோசிக்க வேண்டும். பின் மறந்துபோனவர்களுக்காகவே டிவியை மொத்தமாகப் புதிதாக்கும் வழிகள் உண்டு. அவை இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. யாராவது அப்படிச் செய்திருந்தால் தடயம் இருக்கும். நீங்கள் போட்ட எண்ணை டிவி ஏற்காது, பழைய 0000 வேலை செய்யும். வைஃபை கடவுச்சொல்லை மறுபடியும் கேட்கும், படத்தின் நிறம் கடையில் பார்த்ததுபோல மாறியிருக்கும்.

மூன்று மாதம் கழித்து அக்கா மறுபடி போன் செய்தாள். பாக்ஸ் பழுதாகி, கேபிள்காரர் வேறொன்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பூட்டு விவரம் பழைய பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. "அவர் வாசல் தாண்டினதுமே அந்த ரெண்டு நம்பரையும் அழுத்திப் பார்த்தேன்டா. ரெண்டும் தொறந்துச்சு" என்றாள். பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பின்னை மாற்றி, எச்டியையும் சேர்த்துப் பூட்டி முடித்திருந்தாள்.