அர்த்தத்தைத் தேடும் கணினி எதைத் தவறவிடுகிறது?

“குழந்தைக்கு ராத்திரியில் காய்ச்சல்” என்று ஒருவர் தேடுகிறார். தொகுப்பில் இருப்பதோ “பச்சிளம் சிசுக்களின் உடல் வெப்பநிலை உயர்வு” என்ற கட்டுரை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. சொல்லோடு சொல்லைப் பொருத்திப் பார்க்கும் தேடல் இங்கே கைவிரித்துவிடும்.

இதற்காகத்தான் எம்பெடிங் வந்தது. ஒரு மொழி மாடல் ஒவ்வொரு கட்டுரையையும் எண்களின் வரிசையாக, அதாவது வெக்டராக, மாற்றித் தருகிறது. ஒரு வெக்டரில் 768 எண்கள் இருப்பது சாதாரணம். பொருளால் நெருங்கிய இரண்டு எழுத்துகளின் வெக்டர்கள் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்க்கும்படி அந்த மாடல் பயிற்றுவிக்கப்பட்டிருக்கும்.

ஒரே திசைதானா என்று அளப்பது கொசைன். 768 எண்களுக்குப் பதில் இரண்டே எண்களை வைத்துப் பார்ப்போம். (3, 4), (4, 3) என்று இரு வெக்டர்கள். நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டினால் 12 + 12 = 24. இரண்டின் நீளமும் 5. 24-ஐ 25-ஆல் வகுத்தால் 0.96, அதாவது மிக நெருக்கம். (3, 4)-ஐ (6, 8)-உடன் ஒப்பிட்டால் சரியாக 1 வரும். இரண்டாவது இரு மடங்கு நீளம் என்றாலும் திசை ஒன்றே. நீளத்தை ஒதுக்கிவிட்டுத் திசையை மட்டும் பார்ப்பதுதான் இந்த அளவையின் சிறப்பு.

தொகுப்பில் 10 லட்சம் கட்டுரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் ஒரு தேடலுக்கு 76.8 கோடி பெருக்கல்கள். ஒருவர் தேடினால் கணினி தாங்கும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தேடினால் திணறும். அதனால் எல்லாவற்றையும் பார்க்காமல் நெருங்கியவற்றை எட்டிப்பிடிக்கும் இண்டெக்ஸ்கள் உருவாயின. அவற்றில் அதிகம் புழங்குவது HNSW. யூரி மால்கோவும் டிமித்ரி யஷூனினும் 2016-இல் வெளியிட்ட முறை.

இது ஒரு பல அடுக்கு வலைப்பின்னல். அடி அடுக்கில் 10 லட்சம் வெக்டர்களும் இருக்கும். ஒவ்வொன்றும் தன் அண்டையில் உள்ள சிலவற்றோடு இணைக்கப்பட்டிருக்கும். மேலே போகப் போக எண்ணிக்கை சரியும்: இணைப்பு அளவு 16 என்றால் அடுத்த அடுக்கில் சுமார் 62,500, அதற்கு மேல் 3,900 என்று. வெளியூர்க்காரர் ஒரு குக்கிராமத்துக்குப் போவதுபோலத்தான் தேடலும் நகரும். முதலில் பெரிய ஊருக்கு விரைவுப் பேருந்து, பிறகு தாலுகா ஊர், கடைசியில் டவுன் பஸ். அடி அடுக்குக்கு வந்ததும் அக்கம்பக்கத்தைத் துழாவி, கண்டவற்றில் மிக நெருங்கிய சிலவற்றைக் கையில் வைத்துக்கொள்ளும். எத்தனையைக் கையில் வைப்பது என்பதைச் சொல்லும் அளவுதான் ef_search. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான pgvector-இல் இது இயல்பாக 40.

இந்த 40-தான் பலரைக் கவிழ்க்கிறது. “2019-இல் வந்த கட்டுரைகள் மட்டும், பத்து வேண்டும்” என்று கேட்கிறோம். 2019-க்குரியவை தொகுப்பில் 5 சதவீதம், அதாவது 50,000. pgvector முதலில் இண்டெக்ஸில் தேடி 40-ஐ எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஆண்டைப் பார்த்து வடிகட்டும். 40-இல் 5 சதவீதம் என்றால் 2. பத்து கேட்ட இடத்தில் சராசரியாக இரண்டுதான் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. தேடியவர், இவ்வளவுதான் இருக்கிறது போலும் என்று நம்பிப் போய்விடுவார். எனக்கு இந்த முறையில் மிகவும் கவலை தருவது இந்த மௌனம்தான்.

ef_search-ஐ உயர்த்தலாம், 1000 வரை இடமுண்டு, வேகம் குறையும். 0.8.0 பதிப்பிலிருந்து, போதுமான விடை கிடைக்கும்வரை தொடர்ந்து துழாவும் வசதியும் இருக்கிறது. ஆனால் இந்த உதாரணத்தில் நான் தேர்ந்தெடுப்பது வேறு: ஆண்டுக்குச் சாதாரண இண்டெக்ஸ் போட்டு, அந்த 50,000-ஐ மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. 3.84 கோடி பெருக்கல்தான். விடையும் துல்லியம்.

வடிகட்டல் இல்லாத தேடலிலும் சில விடுபடும். எவ்வளவு என்று கண்டுபிடிப்பது எளிது. மக்கள் உண்மையாகவே தேடிய 100 தேடல்களை எடுத்து, இண்டெக்ஸை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள்:

```sql
BEGIN;
SET LOCAL enable_indexscan = off;
SELECT id FROM articles
ORDER BY embedding <=> $1 LIMIT 10;
COMMIT;
```

பிறகு இண்டெக்ஸோடு ஓட்டி ஒப்பிடுங்கள். மொத்தம் 1,000 விடைகளில் 930 பொருந்தினால் மீட்பு விகிதம் 93 சதவீதம். தொகுப்பு வளர வளர இது மாறும் என்பதால் அவ்வப்போது அளக்க வேண்டும்.

ஆனால் இந்த விகிதம் இண்டெக்ஸின் தரத்தை மட்டுமே சொல்லும். தமிழ் எழுத்தைச் சரிவரப் புரிந்துகொள்ளாத மாடலை வைத்துக்கொண்டு 100 சதவீதம் மீட்டாலும் காய்ச்சலைத் தேடியவருக்குச் சமையல் குறிப்பு வரலாம். அதனால் இண்டெக்ஸை அணைத்து ஓட்டிய விடைகளை முதலில் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அவையே பொருந்தவில்லை என்றால் மாற்ற வேண்டியது மாடலை, இண்டெக்ஸை அல்ல.