குழிகளில் தெரியும் குருதி வகை

குருதிச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஏ, பி, டி என்னும் ஆன்டிஜென்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவற்றுள் எவை இருக்கின்றன என்பதைக் கொண்டே குருதி வகை பெயர் பெறுகிறது. மனிதக் குருதியில் வகைகள் உண்டு என்பதை வியன்னா நகர அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் வெளியிட்டார்.

ஆய்வகத்தில் மூன்று குழிகள் உள்ள கண்ணாடித் தகட்டை எடுத்துக்கொள்வர். முதற்குழியில் நீல நிற ஆன்டி-ஏ, இரண்டாவதில் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில் பெரும்பாலும் நிறமற்ற ஆன்டி-டி என ஒவ்வொரு துளி இடுவர். அவற்றுடன் ஒவ்வொரு துளிக் குருதியைச் சேர்த்து, குழிக்கு ஒரு குச்சியாகத் தனித்தனியே கலக்குவர். ஒரே குச்சியைப் பயன்படுத்தினால் ஒரு குழியின் மருந்து மற்றொன்றில் கலந்து முடிவைக் கெடுத்துவிடும். பின்னர் தகட்டை ஏறத்தாழ இரண்டு நிமிடம் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பர்.

உரிய ஆன்டிஜென் இருந்தால், மருந்திலுள்ள எதிர்ப்பொருள் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும். குருதி மணல்போலத் திரளும்; திரள்களுக்கிடையே நீர்மம் தெளிந்து காணப்படும். இதுவே திரட்சி. ஆன்டிஜென் இல்லையெனில் குருதி முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருக்கும்.

ஒரு பெண்ணின் குருதிச் சோதனையைக் காட்டும் நிழற்படம் ஒன்றைக் கொள்வோம். ஆன்டி-ஏ குழியில் பெரிய திரள்கள். ஆன்டி-பி குழியில் திரட்சியே இல்லை. ஆன்டி-டி குழியின் நடுப்பகுதி சீராக உள்ளது. விளிம்பில் மட்டும் கருஞ்சிவப்புத் துகள்கள் தெரிகின்றன. அவசரத்தில் பார்ப்பவர் 'ஏ பாசிட்டிவ்' என்று எழுதிவிடுவார். ஆனால் உண்மையான திரட்சி குழி முழுவதும் பரவியிருக்கும். தகட்டைச் சாய்த்தால் திரள்கள் நகரும். குருதி உலர்வதோ விளிம்பில் தொடங்கும். உலர்ந்த துகள்கள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அசைவைப் படத்தில் காண முடியாது. அதனால்தான் படம் எடுத்த நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும். இந்தப் படம் பத்து நிமிடம் கழித்து எடுக்கப்பட்டது எனக் குறிப்பு சொல்கிறது. புதிய தகட்டில் மீண்டும் சோதித்து இரண்டாம் நிமிடத்தில் பார்த்தபோது ஆன்டி-டி குழி முழுவதும் சீராகவே இருந்தது. எனவே அவர் 'ஏ நெகட்டிவ்' ஆகலாம். தவறான முடிவை நம்பி அவருக்கு டி உள்ள குருதியை ஏற்றினால், அவர் உடல் டி-க்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். அது பின்னாளில் அவர் கருவில் வளரும் குழந்தையையும் தாக்கலாம்.

சிலரின் அணுக்களில் டி மிகக் குறைவாக இருக்கும். அவர்களது திரட்சி தகட்டில் மங்கலாகவே தெரியும், அல்லது தெரியாமலே போகும். ஆகவே ஐயம் எழுந்தால் சோதனைக்குழாயில் மீண்டும் சோதித்த பிறகே வகையை எழுதுவர்.

ஏ, பி ஆகிய இரு குழிகளும் சீராக இருப்பவரை 'ஓ' வகையினர் என்பர். ஆனால் 1952-இல் பம்பாயில் கண்டறிந்து வெளியிடப்பட்ட அரிய வகைக் குருதியும் இதே தோற்றத்தையே தரும். ஓ வகை அணுக்களில் உள்ள எச் என்னும் ஆன்டிஜென் இதில் இல்லை. ஆகையால் அவ்வகையினருக்கு ஓ குருதியும் பொருந்தாது. அதனை அறிய ஆன்டி-எச் என்னும் வேறொரு மருந்து வேண்டும். அதற்கான குழி இந்தத் தகட்டில் இல்லை.