கடைசி பெஞ்சுக்கு எட்டாத வினைமுற்று

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை ஒட்டிய வகுப்பறையில் பாடம் எடுப்பவர் தெருவோடும் போட்டி போட வேண்டும். மூட்டை இறக்கும் லாரி ஹாரன் அடிக்கும், தலைக்கு மேல் விசிறி கிறீச்சிடும், ஆனி ஆடியில் ஓட்டின் மேல் மழை கொட்டும். கேரளத்தின் பழைய பள்ளிகள் பலவற்றில் ஒரே நீளக் கூடத்தைத் தட்டி வைத்துப் பிரித்திருப்பார்கள். தட்டி கூரை வரை போகாது. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு மேலே ஏறி இந்த வகுப்பில் வந்து விழும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் என்று வீட்டுக்கு ஒரு மொழி. பாடமோ மலையாளத்தில், அல்லது ஆங்கிலத்தில். வீட்டு மொழியில் ஒரு சொல் பாதி கேட்டாலே மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். பழகாத மொழியில் அந்த வசதி கிடையாது. அதே இரைச்சலில் தமிழ் வீட்டுப் பிள்ளை தவறவிடும் சொற்கள் மலையாள வீட்டுப் பிள்ளை தவறவிடுவதைவிட அதிகம். "கவனிக்க மாட்டேன் என்கிறான்" என்று டீச்சர் புகார் சொல்லும் பையன்களில் சிலருக்குக் கவனத்தில் குறையே இருக்காது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் முணுமுணுப்பும் விசிறியும் தெருவும் சேர்ந்து 60 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் குரலை உயர்த்திப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் 70 டெசிபல் இருக்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் 64, நாலில் 58, எட்டு மீட்டரில் இருக்கும் கடைசி பெஞ்சில் 52. சுவரும் கூரையும் எதிரொலித்துக் கொஞ்சம் திருப்பித் தரும். ஆனாலும் கடைசி பெஞ்சில் இரைச்சல்தான் மேலே, டீச்சர் கீழே. பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கேட்கக் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்பது ஒலியியலாளர்கள் கொள்ளும் அளவு. கத்தியே அதை எட்டுவதென்றால் ஒரு மீட்டரில் 90ஐத் தாண்ட வேண்டும். நாள் முழுக்க அப்படிக் கத்தத் தொண்டை யாருக்கும் இல்லை.

கத்துவதில் வேறு வம்பும் இருக்கிறது. இரைச்சலில் இருப்பவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் பதிவு செய்தார். இது டீச்சருக்கு மட்டுமா? பிள்ளைகளுக்கும்தான். டீச்சர் சத்தம் ஏறினால், பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்கும் பையனின் சத்தமும் ஏறும். ஐந்து நிமிடத்தில் வகுப்பு 60இலிருந்து 65க்குப் போய்விடும். "சைலன்ஸ்!" என்ற அதட்டல் சில நொடிகளுக்கு மேல் நிற்காததற்கு இது ஒரு காரணம்.

ஆகவே குரலைத் தொடாமல் இரண்டு எண்களை மாற்றலாம். ஒன்று தூரம். மேசையை விட்டு நடுவரிசைக்கு வந்தால் கடைசி பெஞ்ச் எட்டு மீட்டரிலிருந்து நாலு மீட்டருக்கு வரும். 6 டெசிபல் இலவசம். மற்றது இரைச்சல். கரும்பலகையில் தேதியும் தலைப்பும் எழுதிவிட்டு, வகுப்பைப் பார்த்து நின்று, முணுமுணுப்பு அடங்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது. இரைச்சல் 50க்கு இறங்கினால் 10 டெசிபல் லாபம். அடங்கிய பிறகு முதல் வாக்கியத்தை வழக்கத்தைவிடச் சற்றுத் தணிவாகத் தொடங்க வேண்டும். இரைச்சலின் மேலேயே தொடங்கினால் லொம்பார் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்வார்.

2025இல் கேரளப் பள்ளிகள் சில, 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு, பெஞ்சுகளைச் சுவரோரம் 'ப' வடிவில் போட்டன. தமிழ்நாட்டிலும் பேச்சு எழுந்து, எதிர்ப்பும் எழுந்தது. கழுத்து வலிக்கும், கரும்பலகை தெரியாது என்றார்கள். குரலின் கணக்கில் பார்த்தால் தூரம் குறைவது உண்மை. ஆனால் ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை வாய்க்கு நேரே போகும் அளவுக்கு முதுகுப் பக்கம் போகாது. 'ப'வின் நடுவில் நின்று ஒரு கையைப் பார்த்துப் பேசினால் மறு கைக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. திறப்பில் நின்று பேசுவது மேல். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதிலும் இதே கோளாறுதான்.

அடுத்தது சுருதி. பெண்களின் சாதாரணப் பேச்சில் குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை மோதுகின்றன. ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரம் குரல் ஓடினால் 14 லட்சம் மோதல். கத்தும்போது சுருதி 260க்கு ஏறினால் அது 18 லட்சத்தைத் தாண்டும். மோதலும் பலமாக இருக்கும். அதற்காகக் குரலைக் கட்டையாக்கிக்கொள்வதும் தப்பு. அடித்தொண்டையில் கரகரக்குமே தவிர எட்டாது. யாராவது கதை சொல்லும்போது "ம்ம்" கொட்டுகிறோமே, அந்தச் சுருதிதான் ஏறக்குறைய இயல்பான இடம். வகுப்புக்கு முன் அதே "ம்ம்"மை நீட்டி, உதட்டிலும் மூக்கோரத்திலும் அதிர்வு தெரிகிறதா என்று பார்த்து, அப்படியே "ம்மா", "ம்மே" என்று திறந்தால் தொண்டை இறுகாமல் குரல் முன்னால் வரும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை மூழ்கவைத்து "ஊ" என்று குரலோடு ஊதுவதும் நல்ல பயிற்சி. குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராகப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வேகத்தில் நம் மொழிகளுக்கே உரிய ஒரு பள்ளம் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில் வருகிறது. மூச்சும் அங்கேதான் தீர்கிறது. "இந்தப் பின்னத்தின் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் வேறு வேறு எண்ணால் வகுக்கக் கூடாது" என்று ஒரே மூச்சில் சொன்னால், முன்வரிசைக்கு முழுசாகப் போகும். பின்வரிசைக்கு "வகுக்க" வரை போகும். "கூடாது" டீச்சரின் வாயோடு நின்றுவிடும். பின்வரிசை சமர்த்தாக வகுத்துவிட்டு வரும், அடியும் வாங்கும். மருந்து எளிது: "மேலேயும் கீழேயும்" என்று ஒரு நிறுத்தம், மூச்சு; "வேறு வேறு எண்ணால்" என்று ஒரு நிறுத்தம், மூச்சு; பிறகு "வகுக்கக் கூடாது" முழுக் காற்றோடு. வேகத்தைக் குறைக்கச் சொன்னால் சிலர் எழுத்துகளை இழுப்பார்கள். உயரமான கூரையுள்ள அறையில் இழுத்த உயிரொலி எதிரொலித்து அடுத்த மெய்யை மூடிவிடும். சொல்லை இயல்பான வேகத்தில் விட்டு, இடைவெளியை மட்டும் கூட்டினால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் சில அறைகளில் தொண்டை தோற்கும். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கியைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் குரல் கெட்ட ஆசிரியர்களை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், மைக் வாங்கியவர்களின் குரல் தேறியது. தண்ணீர் குடி, கத்தாதே என்ற அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தட்டி வைத்த கூடத்தில் மட்டும் யோசிக்க வேண்டும். ஒருவர் மைக் போட்டால் பக்கத்து டீச்சரும் போடுவார், லொம்பார் மின்சாரத்தில் ஓடுவார்.

குரல் கெடுவதை நாட்காட்டியே காட்டும். திங்கள் காலை தெளிவாக இருந்து வெள்ளி மாலை கரகரத்து, ஞாயிறு தேறினால் அது களைப்பு. பாடவேளைகளை மாற்றி அடுக்கிச் சமாளிக்கலாம். ஞாயிறும் தேறாவிட்டால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமத் தோன்றினால், மேல்சுருதியில் மெல்லப் பாடும்போது குரல் விட்டுவிட்டு வந்தால், நாண்களில் தடிப்பு வந்திருக்கலாம். கிசுகிசுத்துப் பேசி ஓய்வு கொடுக்கப் பார்ப்பது பலருக்கு நாண்களை இன்னும் இறுக்கும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் மிளகும் பனங்கற்கண்டும் தேடாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாணைக் கருவி விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.