அறுத்த ஆட்டுக்கு ஓர் இரவு ஓய்வு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தீபாவளிக்குப் பல குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவது நெடுநாள் வழக்கம். விடியற்காலை நான்கு மணிக்கு வெட்டி, ஆறு மணிக்குப் பங்கு பிரித்து, எட்டு மணிக்குக் குழம்பு கொதிக்கும். "வெட்டி நாலு மணி நேரங்கூட ஆகல, இதைவிடப் புதுசா எங்கே கிடைக்கும்?" என்று வீட்டுக்கு வீடு பெருமை வேறு. ஆனால் இலையில் விழுந்த கறி, சில வீடுகளில், ரப்பரைப்போல் பல்லோடு மல்லுக்கு நிற்கும்.

ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்து, பிறகு உணவு அறிவியல் படித்தவன் நான். அந்த ரப்பர் கறிக்கு எங்கள் லயத்தில் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, ஆடு முற்றல். இன்னொன்று, மலை. இரண்டாவது காரணத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் கறி வேக நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பிரஷர் குக்கர் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். குக்கரில் வைத்தும் கறி முரண்டு பிடித்தால், காரணத்தை அடுப்பில் தேடக்கூடாது. ஆட்டை வெட்டிய நேரத்தில்தான் தேட வேண்டும்.

உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்: தசைக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. மயோசின், ஆக்டினைப் பிடித்து இழுத்தால் தசை சுருங்கும். பிடியை விட்டால் தளரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இழுப்பதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும்.

ஆட்டின் உயிர் போன மறுகணமே தசை செத்துவிடுவதில்லை. ரத்தமும் ஆக்சிஜனும் நின்றுபோனாலும், சேர்த்து வைத்த கிளைக்கோஜனை உடைத்து அது சிறிது நேரம் ஏடிபி தயாரித்துக்கொண்டே இருக்கிறது. வெட்டிய கறித்துண்டு பேசினுக்குள் தானாகத் துடிப்பதைப் பார்த்திருந்தால், அதற்குக் காரணம் இதுதான். ஆக்சிஜன் இல்லாத இந்த வேலையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. தசையின் அமிலக் காரக் குறியீடு 7 என்ற அளவிலிருந்து மெல்ல 5.6 அருகே இறங்குகிறது. கிளைக்கோஜன் தீர்ந்தோ, அமிலம் மிகுந்தோ அந்த வேலை நின்றுபோகும்போது ஏடிபியும் தீர்கிறது. பிறகு மயோசின் பிடித்த பிடியை விட வழியில்லை. தசை விறைத்துப் பூட்டிக்கொள்கிறது. இதைத்தான் மரண விறைப்பு, ரிகர் மோர்டிஸ் என்கிறோம். கோழியில் இது சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆட்டில் முழுமையாக விறைக்க ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

உயிர் போன அந்த நிமிடமே சமைத்துவிட்டால் கறி ஓரளவு மென்மையாகக்கூட வரலாம். ஆனால் தோலுரித்து, பங்கு பிரித்து, துண்டு போடுவதற்குள் மூன்று நான்கு மணி நேரம் ஓடிவிடுகிறது. விறைப்பு பாதி வழியில் இருக்கிறது. எலும்பில் ஒட்டியிருந்தவரை தசையால் அதிகம் சுருங்க முடியாது. இரு முனைகளிலும் எலும்பு பிடித்திருக்கும். துண்டு போட்டதும் அந்தப் பிடி போய்விடுகிறது. பிறகு சூடும் சேர்ந்துகொண்டு, துண்டு சுருண்டு குட்டையாகித் தடிக்கிறது. தசை தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் சுருங்கினால் கடினம் வேகமாக ஏறுகிறது என்று 1960-களின் ஆய்வுகள் காட்டின.

அந்த ஆய்வுகள் நடந்த இடம் நியூசிலாந்து. அங்கே ஆட்டுக்குட்டி இறைச்சியை வெட்டியவுடன் வேகமாக உறையவைத்து ஏற்றுமதி செய்தபோது, கறி கடினமாக இருக்கிறது என்ற புகார் வந்தது. இளங்குட்டி, நல்ல தீனி, பிறகு ஏன்? 1963-இல் லாக்கர், ஹாகியார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். எலும்பிலிருந்து பிரித்த மாட்டுத் தசையை வெவ்வேறு வெப்பநிலைகளில் விறைக்கவிட்டு அளந்தார்கள். 2 பாகைக் குளிரில் அது ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. உடல் சூட்டில் வைத்தபோதும் நன்றாகவே சுருங்கியது. ஆகக் குறைவாகச் சுருங்கியது 14 முதல் 19 பாகைக்குள்.

குளிர் ஏன் சுருக்குகிறது? தசைக்குள் கால்சியத்தைப் பூட்டி வைத்திருக்கும் பைகள் கடுங்குளிரில் கசியத் தொடங்குகின்றன. கால்சியம் வெளியே வந்தால் அது ‘சுருங்கு’ என்ற கட்டளை. ஏடிபி இன்னும் மிச்சமிருப்பதால் தசை கீழ்ப்படிகிறது. விறைப்பதற்கு முன்பே உறையவைத்த கறியில் இது இன்னும் மோசம். உருக வைக்கும்போது கால்சியம் ஒரேயடியாகக் கொட்டும். காலை ஆறு மணிக்குக் கிடைத்த பங்கை அப்படியே பிரீசரில் தள்ளி, அடுத்த வாரம் எடுக்கும் வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: தட்டு நிறையச் சிவப்பு நீர், நடுவில் சுருங்கிப்போன துண்டுகள்.

இப்போது அந்த 14 முதல் 19 பாகையைக் கவனியுங்கள். கேமரன் மலையின் இரவுக் காற்று கிட்டத்தட்ட அதே அளவுதான். நியூசிலாந்துக்காரர்கள் குளிர்சாதன அறையைக் கட்டுப்படுத்தி உருவாக்க வேண்டியிருந்த வெப்பநிலை எங்கள் லயத்து வாசலில் இலவசமாக வீசுகிறது. மலையைக் குறை சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் அநியாயமாகப் படுவது இதனால்தான்.

ஆகவே தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வெட்டினால் கணக்கு மாறுகிறது. தோலுரித்துக் குடல் நீக்கிய ஆட்டை, துண்டு போடாமல் முழுதாக, ஈ மொய்க்காத, காற்றோட்டமான, சுத்தமான இடத்தில் தொங்கவிட வேண்டும். தண்ணீரை வாரி ஊற்றிக் கழுவாமல் மேற்பரப்பை உலரவிடுவது நல்லது. ஈரத்தில்தான் கிருமி பெருகும். விறைப்பு எலும்பின் மேலேயே நடந்து முடியும். தசை சுருங்க இடமில்லை. பத்து மணி நேரம் கழித்து, காலை நான்கு மணிக்குத் துண்டு போடலாம். வெட்டிய புதிதில் சுலபமாக மடங்கிய முன்னங்கால் இப்போது மடக்க மறுக்கும். விறைப்பு வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

அதற்குமேல் வெளியே வைக்கக்கூடாது. 16 பாகை தசைக்குத்தான் இதம். கிருமிகளுக்கும் அது போதுமான சூடுதான். இதே வேலையைக் கீழே ஈப்போவில், இரவிலும் சுமார் 24 பாகை இருக்கும் இடத்தில், செய்து பார்க்கவே வேண்டாம்.

விறைப்பு முடிந்த கறியைப் பிரிட்ஜில் வைத்தால் சுருங்காது. இங்கேதான் ஓய்வின் இரண்டாவது பலன் தொடங்குகிறது. பூட்டு திறப்பதில்லை, மயோசின் பிடித்தபடியேதான் இருக்கிறது. ஆனால் தசையிலேயே இருக்கும் கால்பைன் என்ற நொதி, இழைகளைத் தாங்கி நிற்கும் புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குகிறது. கட்டடம் தளர்கிறது. ஆட்டில் இந்த வேலை பெருமளவு முடிய ஒரு வாரம் ஆகும் என்றாலும், முதல் இரண்டு மூன்று நாளிலேயே வித்தியாசம் தெரியும். எனவே பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாக மாலையில் வெட்டி, காலையில் பிரிட்ஜுக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

வெட்டுவதற்குமுன் ஆட்டைத் துரத்தி ஓடவிட்டால் கிளைக்கோஜன் அப்போதே செலவாகிவிடும். அமிலம் போதிய அளவு சேராது. கறி கருத்துப் பிசுபிசுப்பாகி, சீக்கிரம் கெட்டும் போகும்.

முற்றல் ஆட்டின் கதை வேறு. அதன் கடினம் தசை இழையில் இல்லை. இழைகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் கொலாஜன் சவ்வில் இருக்கிறது. வயதாக ஆக அந்தச் சவ்வில் குறுக்குப் பிணைப்புகள் இறுகும். எத்தனை இரவு தொங்கவிட்டாலும் அது பெரிதாக அசையாது. ஈரச் சூட்டில் நீண்ட நேரம் வெந்தால்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும். அந்த ஆட்டை மட்டும் குக்கரிடம் விட்டுவிடுங்கள்.