மாதம் ஒரு திங்கள் லீவு: எச்.ஆர். எழுத வேண்டிய பதில் என்ன?

திங்கள்கிழமை காலை 8.40 மணி. எச்.ஆர். மேலாளரின் போனில் ஒரு மெசேஜ்: “சார், காய்ச்சல். இன்னிக்கு வர முடியல.” அனுப்பியவர் அக்கவுன்ட்ஸ் பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்ப்பவர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால், போன மாதமும் ஒரு திங்கள்கிழமைதான் காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தைய மாதமும் அப்படித்தான்.

இதற்கு என்ன பதில் எழுதுவது? “டேக் கேர்” என்று போட்டுவிட்டு விட்டுவிடலாமா? “இதுவே வழக்கமாகிவிட்டது, விளக்கம் தரவும்” என்று நோட்டீஸ் அடிப்பதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு கடிதம் இருக்கிறது. அதை எழுதுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. சென்னையில் 30 பேர் வேலை செய்யும் ஒரு மொத்த விற்பனைக் கடையைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. ஊழியரின் பெயர் குமார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் காலண்டர்

2025 ஜனவரி முதல் ஜூன் வரை குமார் எடுத்த லீவு மொத்தம் 8 நாள். அதில் 6 திங்கள்கிழமை. ஆறு நாள் வேலை வாரத்தில், எந்தக் காரணமும் இல்லாமல் லீவுகள் சிதறி விழுந்தால் 8-க்கு ஒன்று அல்லது இரண்டு திங்களில் வரும். ஆறு வருவது தற்செயல் என்று சொல்வது கஷ்டம். (ஐந்து நாள் வேலை செய்யும் ஆபீஸில் ‘லீவில் 40 சதவீதம் திங்களும் வெள்ளியும்தான்’ என்று யாராவது புகார் சொன்னால் பதற வேண்டாம். ஐந்தில் இரண்டு நாள் என்றாலே 40 சதவீதம்தான்.)

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ‘திங்கள்’ என்றதுமே ஞாயிற்றுக்கிழமை குடி, ஊருக்குப் போய் லேட்டாகக் கிளம்பியது, சோம்பேறித்தனம் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிடும். வருகைப் பதிவை எக்ஸெல்லில் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ‘திங்கள் 6’ என்பது மட்டும்தான் தெரியும். அதே நாட்களை ஒரு காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டுப் பாருங்கள்: ஜனவரி 20, பிப்ரவரி 17, மார்ச் 17, ஏப்ரல் 21, மே 19, ஜூன் 16.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை சரியாக 28 நாள் இடைவெளி. அடுத்தது ஏப்ரல் 14 ஆக இருந்திருக்க வேண்டும். அன்று தமிழ்ப் புத்தாண்டு, அரசு விடுமுறை. அதனால் ஒரு வாரம் தள்ளி 21. அங்கிருந்து மறுபடியும் 28, 28. ஞாயிற்றுக்கிழமைக் களைப்பு இப்படிக் கணக்குப் பார்த்து வராது. மார்ச் 31 ரம்ஜான் விடுமுறையும் திங்கள்தான். மறுநாள் செவ்வாய் அவர் வேலைக்கு வந்திருக்கிறார். விடுமுறைக்கு மறுநாள் வராமல் போகும் பழக்கம் என்றால் அன்றைக்கும் வராமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவரை எதுவோ ஓர் இடத்துக்கு இழுக்கிறது. அது என்ன என்று காலண்டர் சொல்லாது. எச்.ஆரும் ஊகிக்கக் கூடாது; கேட்க வேண்டும்.

லீவை மதிப்பெண்ணாக மாற்றும் ‘பிராட்ஃபோர்டு ஃபேக்டர்’ என்ற கணக்கைச் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. எத்தனை தடவை லீவு எடுத்தாரோ அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மொத்த நாட்களால் பெருக்குவார்கள். தனித்தனியாக 8 நாள் எடுத்த குமாருக்கு 8 x 8 x 8 = 512. ஒரே மூச்சில் 8 நாள் படுத்தவருக்கு 1 x 1 x 8 = 8. திடீர் லீவு வேலையை எவ்வளவு கலைக்கிறது என்பதை இது காட்டும், சரி. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைத்தான் இது முதலில் மாட்டிவிடும் என்பதும் உண்மை. அதனால் இந்த எண்ணைக் கடிதத்தில் எழுதவே கூடாது என்பது என் கருத்து.

லீவு எண்ணிக்கை பிரச்சினை இல்லை

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி, ஓர் ஆண்டில் 12 நாள் நோய்க்கால விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. ஒரு வருட சர்வீஸுக்குப் பிறகு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் உண்டு. ஆறு மாதத்தில் 8 நாள் என்பது வரம்புக்குள்தான் இருக்கிறது. ‘அளவுக்கு மீறி லீவு எடுக்கிறீர்கள்’ என்று எழுதினால் அது தவறான தகவல். வாதம் வந்தால் நிறுவனம் முதல் வரியிலேயே தோற்றுவிடும்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? முன்கூட்டிச் சொல்லாததில். சனிக்கிழமை மாலை வசூலான செக்குகளும் ரொக்கமும் திங்கள் காலை பேங்க்குக்குப் போக வேண்டும். அவர் வராத நாளில் பக்கத்து சீட்டில் இருக்கும் பெண் இரண்டு பேர் வேலையைப் பார்த்து, இரவு 8 மணிக்குத்தான் கிளம்ப முடிகிறது. குழந்தையைக் கிரஷ்ஷிலிருந்து கூட்டி வர ஆள் தேட வேண்டியிருக்கிறது. அவரும் இதே நிறுவனத்தின் ஊழியர்தான். கண்டிப்பு என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் நியாயம் இருக்கிறது.

இரண்டு பதில்கள்

லீவு நாளிலேயே நீளமாக எழுத வேண்டாம். நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தால்? அன்றைக்கு ஒரே வரி போதும்: “சரி, உடம்பைப் பாத்துக்குங்க. நாளைக்கு 4 மணிக்கு அஞ்சு நிமிஷம் பேசலாம்.” மறுநாள் தனி அறையில் பேச வேண்டும். கடிதம் புதன்கிழமை போகலாம், அவருக்கு மட்டும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலோ, மொத்தப் பிரிவுக்கும் நகல் வைத்தோ அனுப்பக் கூடாது.

நேரில் பேசியபோது குமார் “இனிமே பாத்துக்கறேன் சார்” என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இப்படி எழுதலாம்:

“வணக்கம். நேற்று நாம் பேசியதை எழுத்தில் தருகிறேன். ஜனவரி முதல் ஜூன் வரை நீங்கள் வராத 8 நாட்களில் 6 திங்கள்கிழமை. தேதிகளை இணைத்துள்ளேன், தவறு இருந்தால் திருத்தவும். இந்த லீவுகள் உங்களுக்கு உரிய எண்ணிக்கைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஆறு முறையும் காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் பேங்க் டெபாசிட் தாமதமாகிறது, சக ஊழியர் இரவு வரை இருக்க வேண்டியிருக்கிறது.

உடல்நிலையோ குடும்பப் பொறுப்போ காரணமாக இருந்தால் சொல்லுங்கள். நோயின் விவரம் எனக்குத் தேவையில்லை. எந்த நாள், எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் போதும். நேரத்தை மாற்றுவது, முன்கூட்டியே லீவு தருவது போன்றவற்றை யோசிக்கலாம். ஜூன் 25-க்குள் பதில் தாருங்கள். நீங்கள் சொல்வது என்னைத் தாண்டிப் போகாது.

ஜூலை முதல், அவசரம் தவிர்த்த லீவை இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே கேட்க வேண்டும். செப்டம்பர் இறுதியில் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். காரணமும் சொல்லாமல், முன்தகவலும் இல்லாமல் இது தொடர்ந்தால், அனுமதியில்லாத லீவாகக் கருதி விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலை வர வேண்டாம் என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன்.”

இதில் இல்லாத சொற்களைக் கவனியுங்கள். ‘எப்போதும்’, ‘வழக்கமாக’, ‘பொறுப்பில்லாமல்’ எதுவும் இல்லை; தேதிகள் இருக்கின்றன. காய்ச்சல் பொய் என்ற குற்றச்சாட்டு இல்லை. ஒருநாள் காய்ச்சலுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்கவும் இல்லை. கேட்டால் காசு கொடுத்து வாங்கி வருவார்கள், நமக்குத் தெரிந்ததுதானே. அதே சமயம் கெடு இருக்கிறது, என்ன மாற வேண்டும் என்பது இருக்கிறது, மாறாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. கடைசி விஷயத்தை ‘மனசு நோகுமே’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மூன்று மாதம் கழித்துத் திடீரென்று நோட்டீஸ் வரும்போதுதான் அந்த ஊழியர் நிஜமாக ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

பதில் வந்தால்

நம் கதையில் குமார் மறுநாளே வருகிறார். மகளுக்கு வலிப்பு நோய். அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு டாக்டர் பார்க்கும் நாள் திங்கள். மாத்திரை நான்கு வாரத்துக்குத்தான் தருவார்கள். “ஏன் முன்னாடியே சொல்லல?” என்று கேட்டால், “ஒரு தடவை லீவு கேட்டேன் சார். திங்கக்கிழமைன்னா லீவே கிடையாதுன்னு செக்‌ஷன்ல சொல்லிட்டாங்க. காய்ச்சல்னா யாரும் மறுக்க மாட்டாங்கல்ல” என்கிறார்.

இப்போது எச்.ஆர். பார்க்க வேண்டிய இடம் இரண்டு. காரணத்தை மாற்றிச் சொன்னது தவறு; அதை அவரிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொய்யை உருவாக்கியது, பிரிவில் யாரோ வாய்மொழியாகப் போட்ட ‘திங்கள் லீவு இல்லை’ என்ற உத்தரவு. அதை எடுக்காமல் குமாரை மட்டும் திருத்தினால் அடுத்த மாதம் வேறொருவருக்குக் காய்ச்சல் வரும்.

பதில் வராவிட்டால்

எல்லாக் கதையும் இப்படி முடியாது. காரணம் குடியாகவே இருக்கலாம். கடிதத்தை மாற்ற வேண்டியதில்லை, உதவிக்கான வழியும் கெடுவும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. பதிலே வராமல் திங்கள் லீவும் தொடர்ந்தால், அடுத்தது விளக்கம் கேட்கும் நோட்டீஸ், பிறகு விசாரணை. நேராக “வேலையை விட்டு நின்றுவிட்டதாகக் கருதுகிறோம்” என்று எழுதும் குறுக்குவழி செல்லாது. விசாரணை இல்லாமல் இப்படிப் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு எதிரானது என்று டி.கே.யாதவ் வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012-ல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில், தவிர்க்க முடியாத காரணத்தால் வராமல் இருந்ததை, வேண்டுமென்றே வராமல் இருந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. பர்மார் மத்திய அரசு ஊழியர். ஆனாலும் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டதற்கும், பதில் சொல்ல அவகாசம் தந்ததற்கும் நிறுவனத்திடம் சான்று இருக்க வேண்டும் என்பதை இந்தத் தீர்ப்பிலிருந்து புரிந்துகொள்ளலாம். அந்த புதன்கிழமைக் கடிதம்தான் அந்தச் சான்று.

ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்று 1947 சட்டத்தின் 41-வது பிரிவும் சொல்கிறது. ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் அது விசாரணையில் சான்றுகளோடு நிரூபிக்கப்பட வேண்டும்.

குமார் விஷயத்தில் இரண்டாவது கடிதம் நான்கு வரிதான். ஜூலை 14, ஆகஸ்ட் 11, செப்டம்பர் 8 ஆகிய மூன்று நாளும் இப்போதே தற்செயல் விடுப்பாகக் குறிக்கப்படுகின்றன. மருத்துவமனை தேதியை மாற்றினால் அன்று மாலையே அவர் சொல்ல வேண்டும். முந்தைய சனிக்கிழமை டெபாசிட் சீட்டுகளை அவரே எழுதி வைத்துவிட்டுப் போவார். அந்தத் திங்கள்களில் பேங்க்குக்குப் போக இன்னொருவர் நியமிக்கப்படுவார். பக்கத்து சீட்டுப் பெண் 6 மணிக்குக் கிளம்பலாம்.